இரண்டு மடங்கைத் தாண்டாத தேடல்



ஒரு கடையின் கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். இன்று காலை பில்லில் வரி இரண்டு முறை கூட்டப்படுவதை ஒருவர் கவனிக்கிறார். முன்பெல்லாம் இது சரியாகத்தான் இருந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எப்போது வரை சரியாக இருந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றமும் கிட் என்னும் கருவியில் ஒரு கமிட்டாகப் பதிவாகியிருக்கிறது. இன்றைய கமிட்டிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால் முதலில் வருபவை பிழையுள்ள கமிட்டுகள். ஓரிடத்தைத் தாண்டிவிட்டால் பிறகு வருபவை எல்லாம் நல்லவை. அந்த இடம் தெரிந்துவிட்டால், பிழையைக் கொண்டுவந்த மாற்றம் எது என்பதும் தெரிந்துவிடும்.

இது வரிசைப்படுத்திய பட்டியலில் தேடும் வேலைதான். ‘கெட்டது, கெட்டது, கெட்டது, நல்லது, நல்லது’ என்று ஒரே ஒருமுறை மட்டும் மாறும் பட்டியல் அது. ஒரு கமிட்டைச் சோதிக்க அதை எடுத்து, பில்ட் செய்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆகவே எத்தனை முறை சோதிக்கிறோம் என்பதுதான் நமக்குச் செலவு.

இங்கே பைனரி சர்ச் என்று உடனே சொல்லத் தோன்றும். பட்டியலின் நடுவைப் பார், ஒரு பாதியைத் தள்ளு, மிஞ்சிய பாதியின் நடுவைப் பார். சரிதான், ஆனால் நடு என்று சொல்ல இரண்டு முனைகள் வேண்டும். ஒரு முனை இன்றைய கமிட். மறு முனை எது? இந்தத் திட்டத்தின் முதல் கமிட் என்று சொல்லலாம். அது பல ஆண்டுகளுக்கு முந்தையது. அன்றைய கம்பைலர் இன்று நம் கணினியில் இல்லை, அன்றைய நூலகப் பதிப்புகளும் கிடைக்காது, பில்ட் ஆகாது. ஏட்டில் ஒரு லட்சம் கமிட் இருந்தாலும், சோதிக்கக்கூடிய பட்டியல் எங்கே முடிகிறது என்பது நமக்குத் தெரியாது. பட்டியலின் நீளம் தெரியாமல் அதைப் பாதியாக்குவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

விடை எளியது. முதலில் மேல் எல்லையைத் தேட வேண்டும். ஒன்று பின்னால் போய்ப் பாருங்கள். கெட்டதாக இருந்தால் இரண்டு பின்னால். பிறகு நான்கு, எட்டு, பதினாறு. நல்லது ஒன்று கிடைத்ததும் நின்றுவிடுங்கள். கடைசியாகப் பார்த்த கெட்டதுக்கும் இப்போது கிடைத்த நல்லதுக்கும் நடுவில்தான் நாம் தேடும் இடம் இருக்கிறது. இப்போது இரண்டு முனையும் கையில் உண்டு. பைனரி சர்ச்சைத் தொடங்கலாம்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 90 கமிட்டுக்கு முன்னால் வந்த மாற்றம்தான் பிழையைக் கொண்டுவந்தது என்று வையுங்கள். அதாவது பின்னோக்கி 90 வரை எல்லாம் கெட்டவை, 91-இலிருந்து நல்லவை. நமக்கு இது தெரியாது. 1, 2, 4, 8, 16, 32, 64 ஆகிய ஏழு இடங்களிலும் பிழை இருக்கிறது. 128-இல் பிழை இல்லை. எட்டுச் சோதனைகள் முடிந்தன. இனி 64-க்கும் 128-க்கும் நடுவில் தேட வேண்டும். 96 நல்லது. 80 கெட்டது. 88 கெட்டது. 92 நல்லது. 90 கெட்டது. 91 நல்லது. ஆறு சோதனைகள். மொத்தம் பதினான்கு, நேரக் கணக்கில் இரண்டு மணி இருபது நிமிடம்.

பட்டியல் கணினியின் நினைவகத்திலோ வேறெங்கோ இருந்து, ‘இத்தனையாவது உறுப்பைக் கொடு’ என்று மட்டும் கேட்க முடிகிறது என்றால், இதையே பைதானில் இப்படி எழுதலாம். உறுப்புகளை 1-இலிருந்து எண்ணுகிறோம். முடிவைத் தாண்டிக் கேட்டால் `get` முடிவிலியைத் திருப்பித் தரும் என்று கொள்கிறோம்.

```
lo, hi = 0, 1
while get(hi) < x:
    lo, hi = hi, hi * 2
while hi - lo > 1:
    mid = lo + (hi - lo) // 2
    if get(mid) < x:
        lo = mid
    else:
        hi = mid
```

முடிவில் `hi` என்பது x-ஐ விடச் சிறியதாக இல்லாத முதல் உறுப்பின் இடம். ஒரே மதிப்பு பலமுறை வந்தாலும் முதலில் வருவதையே இது காட்டும். முதல் வளையம் நிற்கும்போது `lo`-வில் உள்ளது சிறியது, `hi`-யில் உள்ளது சிறியதல்ல. அந்த நிலையை இரண்டாவது வளையம் ஒருபோதும் கலைப்பதில்லை. நிரல் சரியா என்று கேட்பவருக்கு அந்த ஒரு வரியே பதில்.

செலவைக் கணக்கிடுவதும் எளிது. விடை n என்ற இடத்தில் இருந்தால், முதல் வளையம் ஏறத்தாழ log₂ n முறை கேட்கும், இரண்டாவது வளையமும் ஏறத்தாழ அதே அளவு கேட்கும். ஆக 2 log₂ n. இந்தக் கணக்கில் பட்டியலின் நீளம் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். விடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டுமே வருகிறது. நீளம் தெரியாததைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழி, நீளத்தைப் பற்றிய அக்கறையையே நீக்கிவிட்டது. இந்த முறையில் எனக்குப் பிடித்த குணங்களில் இது முதலாவது.

இதனால் ஒரு விந்தையும் நேர்கிறது: நீளம் தெரிந்த பட்டியலிலும் சில நேரம் இரட்டிப்பே வெல்லும். ஒரு லட்சம் கமிட்டும் ஒழுங்காக பில்ட் ஆகின்றன, முதல் கமிட் நல்லதுதான் என்றும் தெரியும் என்று வைப்போம். நேரடியான பைனரி சர்ச்சுக்கு ஏறத்தாழ 17 சோதனைகள், விடை எங்கே இருந்தாலும் அதே 17. பிழை நேற்று வந்தது, விடை 5-ஆம் இடத்தில் என்றால் இரட்டிப்பு என்ன செய்யும்? 1, 2, 4, 8 என நான்கு. பிறகு 6, 5 என இரண்டு. ஆறே சோதனைகளில் வேலை முடிந்தது. விடை 60,000-ஆவது இடத்தில் என்றால் கதை மாறுகிறது. 65,536 வரை ஏற 17 சோதனை, பிறகு உள்ளே தேட 15, மொத்தம் 32. எது லாபம் என்பதற்கான எல்லைக்கோடு நீளத்தின் வர்க்கமூலம். நீளம் N என்றால், விடை √N-க்குள் இருக்கும்வரை இரட்டிப்பு மலிவு. ஒரு லட்சத்துக்கு வர்க்கமூலம் 316. மாற்றம் நடந்தவுடனே சோதிக்கும் பழக்கமுள்ள குழுவில் பிழைகள் பெரும்பாலும் அந்த 316-க்குள்ளேயே பிடிபடும். அவர்களுக்கு நீளம் தெரிந்திருந்தாலும் அதை மறந்துவிடுவது நல்லது.

சரி, ஏன் இரட்டிப்பு? ஏன் நான்கு மடங்காகவோ பத்து மடங்காகவோ தாவக்கூடாது? இதைக் கேட்காமல் விடுபவர்கள்தான் அதிகம். கேட்டுப் பார்த்தால் இந்த முறையின் உள்ளே என்ன இருக்கிறது என்பது தெரிகிறது.

நான்கு மடங்காகத் தாவினால் ஏறும் படிகள் பாதியாகும். உள்ளே தேடவேண்டிய இடைவெளி கொஞ்சம் பெரிதாகும். அதற்கு அதிகபட்சம் ஒன்றிரண்டு சோதனைகள்தான் கூடும். விடை தொலைவில் இருந்தால் எண்ணிக்கையில் நான்கு மடங்கே சிக்கனம். அப்படியானால் இன்னும் வேகமாக, எண்ணை வர்க்கமாக்கிக்கொண்டே போகலாமா? 2, 4, 16, 256, 65536. ஏறுவது அதிவேகம். ஆனால் விடை 300-இல் இருந்தால் நாம் 65,536-இல் போய் நிற்போம். 256-க்கும் 65,536-க்கும் நடுவில் நேராகப் பாதியாக்கினால் பதினாறு சோதனைகள் ஆகும். 300 போன்ற சிறிய எண்ணுக்கு அது அநியாயம்.

ஜான் பென்ட்லியும் ஆண்ட்ரூ யாவோவும் 1976-இல் ‘இன்ஃபர்மேஷன் பிராசஸிங் லெட்டர்ஸ்’ இதழில் எழுதிய ஒரு சிறு கட்டுரை இந்த இடத்தைத்தான் பிடித்தது. பென்ட்லி பிறகு ‘புரோகிராமிங் பேர்ல்ஸ்’ என்ற நூலால் நிரலாளர் பலருக்கு ஆசிரியரானார். யாவோ 2000-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார். அவர்கள் சொன்னதை என் சொற்களில் சொல்கிறேன். இரட்டிப்பின் முதல் வளையம் உண்மையில் என்ன தேடுகிறது? 2-இன் எத்தனையாவது அடுக்கு விடையைத் தாண்டுகிறது என்று தேடுகிறது. அந்த அடுக்கை k என்போம். k-வும் மேல் எல்லை தெரியாத ஓர் எண்தான். அதை 0, 1, 2, 3 என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நாம் கைவிட வந்த பழைய முறையே இங்கே முதல் வளையத்துக்குள் ஒளிந்திருக்கிறது! ஆகவே k-வையும் இரட்டிப்பாலேயே தேடு என்றார்கள் அவர்கள்.

நம் 91-ஐ வைத்தே பார்ப்போம். k-வை 1, 2, 4, 8 என இரட்டிக்கிறோம். அதாவது 2, 4, 16, 256 ஆகிய இடங்களைச் சோதிக்கிறோம். முதல் மூன்று கெட்டவை, 256 நல்லது. இப்போது k என்பது 4-க்கு மேல், 8 அல்லது அதற்குள். நடுவான 6-ஐ எடுத்தால் 64-ஆவது இடம், கெட்டது. 7-ஐ எடுத்தால் 128, நல்லது. ஆறு சோதனைகளில் k 7 என்று தெரிந்துவிட்டது. முன்பு இதே இடத்துக்கு வர எட்டு ஆனது. உள்ளே தேட அதே ஆறு. மொத்தம் 12, பழைய முறையில் 14. பெரிய சேமிப்பில்லைதான். 60,000-க்குப் போட்டுப் பாருங்கள்: 2, 4, 16, 256, 65536 என ஐந்து, அடுக்கைத் துல்லியமாக்க மூன்று, உள்ளே பதினைந்து, மொத்தம் 23. பழைய முறையில் 32.

செலவு இப்போது ஏறத்தாழ log₂ n-உடன் அதன் லாகின் இரண்டு மடங்கைக் கூட்டினால் வருவது. இதோடு நிற்க வேண்டுமா? அடுக்கின் அடுக்கையும் இரட்டிப்பால் தேடலாம். அதற்குள்ளும் இன்னொரு முறை செய்யலாம். ஒவ்வொரு மடிப்பிலும் சேமிப்பு சிறுத்துக்கொண்டே போகும். பென்ட்லியும் யாவோவும் அந்தத் தொடரைக் கடைசிவரை கொண்டுபோய், அதற்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் குறைக்க முடியாது என்றும் காட்டினார்கள்.

ஏன் முடியாது என்பதற்கான காரணம் அழகானது. கணிதம் என்றதும் சாய்ந்து உட்காருபவர்கள் ஐந்து நிமிடம் என்னோடு வரவேண்டும். எந்தத் தேடல் முறையாக இருந்தாலும் ஆம், இல்லை என்ற பதில்களின் தொடர்தான் கடைசியில் விடையைச் சொல்கிறது. 1 என்ற விடைக்கு ஒரு தொடர், 2 என்ற விடைக்கு இன்னொரு தொடர். ஒரு விடையின் தொடர் இன்னொன்றின் தொடக்கப் பகுதியாக இருக்க முடியாது. இருந்தால் அங்கே நிற்பதா, மேலும் கேட்பதா என்று தெரியாது. மொத்தம் ஒன்று என்ற பரப்பு இருப்பதாக எண்ணுங்கள். ஒவ்வொரு கேள்வியும் இருக்கும் பரப்பைப் பாதியாக வெட்டுகிறது. c கேள்விகளில் கிடைக்கும் விடை, மொத்தத்தில் 1/2ᶜ அளவு இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எல்லா விடைகளும் பிடிக்கும் இடத்தைக் கூட்டினால் ஒன்றைத் தாண்டக்கூடாது. இதை 1949-இல் லியான் கிராஃப்ட் எழுதிவைத்தார். கிராஃப்ட் சமனின்மை என்கிறோம்.

இப்போது பேராசைப்பட்டு, எந்த n-ஐயும் log₂ n கேள்விகளிலேயே கண்டுபிடிப்பேன் என்று ஒருவர் சொன்னால், n பிடிக்கும் இடம் 1/n. எல்லா n-க்கும் கூட்டினால் 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும். இந்தத் தொடர் எல்லையின்றி வளரும் என்பதை 14-ஆம் நூற்றாண்டிலேயே நிக்கோல் ஓரேம் நிறுவிவிட்டார். ஒன்றுக்குள் அடங்காது. ஆகவே அப்படி ஒரு முறை இல்லை, இருக்கவும் முடியாது. நீளம் தெரியாததற்கு ஒரு கட்டணம் உண்டு. அதைச் செலுத்தியே ஆக வேண்டும். 2 log₂ n என்றால் 1/n²-களைக் கூட்டுகிறோம், அது ஓர் எல்லைக்குள் நிற்கும். log₂ n-உடன் அதன் லாகை ஒரே ஒருமுறை கூட்டினால் மறுபடி எல்லையின்றி வளர்கிறது. இரண்டு முறை கூட்டினால் நிற்கிறது. ஓர் எளிய தேடலின் செலவை இந்தத் தொடர்கள் இவ்வளவு நுட்பமாக நிர்ணயிப்பதை முதன்முதலில் படித்தபோது எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்துதான் மறுபடி உட்கார முடிந்தது.

இன்னொரு உறவும் இருக்கிறது. பதில்களின் தொடரை 0, 1 என்று எழுதிவைத்தால் அது எண்ணுக்கான குறியீடாகிவிடும். பீட்டர் எலையாஸ் 1975-இல், எவ்வளவு பெரிது என்று முன்கூட்டியே தெரியாத முழு எண்களைச் சேமிக்கச் சில குறியீடுகளைக் கொடுத்தார். அவற்றில் காமா குறியீடு 91-ஐ இப்படி எழுதும்: 0000001011011. முன்னால் ஆறு சுழியம், பின்னால் 91-இன் இரும வடிவமான 1011011, மொத்தம் 13 பிட். சுழியங்கள் நம் முதல் வளையம், அதாவது ஏறுவது. எண்ணின் உடல் இரண்டாவது வளையம், அதாவது உள்ளே தேடுவது. நாம் ஒரு படி முன்னதாக, 1-இலிருந்தே கேட்கத் தொடங்கியதால் நமக்கு ஒன்று கூடி 14 ஆனது. ஓராண்டு இடைவெளியில் ஒரு பக்கம் குறியீட்டுக்காரரும் இன்னொரு பக்கம் தேடல்காரர்களும் ஒரே பொருளைக் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு சிறந்த முறை 1976-இலேயே இருக்கும்போது, நடைமுறையில் ஏன் எல்லோரும் வெறும் இரட்டிப்பையே எழுதுகிறார்கள்? சோம்பல் என்று சிலர் சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. இந்தப் பேச்சில் நான் வலியுறுத்த விரும்புவது இந்த இடத்தைத்தான். நாம் இதுவரை கேள்விகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணினோம். ஒவ்வொரு கேள்வியும் ஒரே விலை என்று கொண்டோம். வாழ்க்கையில் தூரத்துக் கேள்விக்கு விலை அதிகம். 65,536 கமிட்டுக்கு முந்தைய நிரல் பில்ட் ஆகாது. பில்ட் ஆக்க முயன்றால் பத்து நிமிடத்தில் முடியாது, ஒரு நாள் போகும். நினைவகத்திலும் அப்படித்தான்: பக்கத்து உறுப்புகள் பிராசஸரின் கேஷில் ஏற்கெனவே வந்திருக்கும், தொலைவில் இருப்பதை வெளியிலிருந்து எடுத்துவர வேண்டும். பென்ட்லி, யாவோ முறை விடை 300-இல் இருக்கும்போது 65,536-ஐத் தொட்டுவிட்டுத்தான் திரும்புகிறது. வெறும் இரட்டிப்போ 512-க்கு அப்பால் எதையும் தொடாது. விடை எங்கே இருந்தாலும் அதன் இரண்டு மடங்கை அது எட்டுவதே இல்லை. கேள்விகளின் எண்ணிக்கையில் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து இந்த உறுதியை வாங்குகிறோம். தூரம் விலையாக இருக்கும் இடத்தில் இது நல்ல பேரம்.

இரட்டிப்பு மிக அதிகமாக ஓடுவது நாம் பார்க்காத ஓரிடத்தில். டிம் பீட்டர்ஸ் 2002-இல் பைதானுக்காக எழுதிய டிம்சார்ட் என்னும் வரிசைப்படுத்தும் முறை, 2011-இல் ஜாவா 7-க்கும் போனது. அது ஏற்கெனவே வரிசையாக இருக்கும் துண்டுகளைக் கண்டுபிடித்து, இரண்டிரண்டாக இணைக்கும். இணைக்கும்போது ஒரு துண்டின் முதல் உறுப்பு மற்றத் துண்டில் எங்கே போய் உட்காரும் என்று தேட வேண்டும். துண்டின் நீளம் தெரியும், ஆனாலும் அதை நம்பாமல் இரட்டிப்பால் தேடுகிறது, ஏனெனில் விடை பெரும்பாலும் அருகிலேயே இருக்கும். 1, 3, 7, 15 என்ற இடைவெளிகளில் பாய்கிறது. இதற்கு கேலப்பிங் என்று பெயர், குதிரையின் பாய்ச்சல். ஆனால் எப்போதும் பாய்வதில்லை. இரண்டு துண்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடந்தால், ஒவ்வொன்றாக ஒப்பிடுவதே மலிவு. ஆகவே ஒரே துண்டிலிருந்து தொடர்ந்து ஏழு முறை உறுப்பு எடுக்க நேர்ந்த பிறகுதான் பாய்ச்சலைத் தொடங்குகிறது. பாய்ச்சல் பலன் தராவிட்டால் அந்த ஏழையும் உயர்த்திக்கொள்கிறது, தந்தால் குறைத்துக்கொள்கிறது. ஒரு முறையை எப்போது பயன்படுத்தக்கூடாது என்பதை நிரலுக்குள்ளேயே எழுதியிருப்பதால் டிம்சார்ட் மீது எனக்குத் தனி மதிப்பு.

அதன் ஜாவா வடிவத்தில் மூன்று வரிகளைக் காட்டுகிறேன்.

```
ofs = (ofs << 1) + 1;
if (ofs <= 0)   // int overflow
    ofs = maxOfs;
```

இந்தச் சோதனை எதற்கு? ஜாவாவின் int 32 பிட். இரட்டித்து ஒன்றைக் கூட்டிக்கொண்டே போனால் 2,147,483,647 வரும். அதை மறுபடி இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் 4,294,967,295 வர வேண்டும். ஆனால் அது int-க்குள் அடங்காமல் −1 ஆகிவிடும். அதையும் இரட்டித்து ஒன்றைக் கூட்டினால் −1. எத்தனை முறை செய்தாலும் அதே −1தான். நிரல் அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். இதற்கு உறவான பிழை ஜாவாவின் சொந்த பைனரி சர்ச்சிலேயே பல ஆண்டுகள் இருந்தது. நடுவைக் காண இரண்டு முனைகளைக் கூட்டி இரண்டால் வகுத்தார்கள். கூட்டும்போதே நிரம்பி வழிந்தது. ஜோஷுவா பிளாக் 2006-இல் அதை எடுத்துச் சொன்னார். மேலே நான் `lo + (hi - lo) // 2` என்று எழுதியதன் காரணம் இதுவே. பைதானில் எண்கள் வழிவதில்லை, ஆனால் இந்த வரியை நாளை வேறு மொழிக்கு எடுத்துப்போவீர்கள்.

நம் பில் பிழைக்குத் திரும்புவோம். கிட்டில் இதைச் செய்யும்போது நேரும் தவறுகள் வேறு வகை. `git checkout HEAD~1`, பிறகு `git checkout HEAD~2`, பிறகு `HEAD~4` என்று கட்டளை கொடுத்துக்கொண்டு போகிறவர்கள் உண்டு. HEAD என்பது நீங்கள் நிற்கும் இடம். ஒவ்வொரு முறையும் அது நகர்கிறது. நீங்கள் 1, 2, 4, 8 என்று எண்ணிக்கொண்டிருக்க, உண்மையில் நிற்பது 1, 3, 7, 15-இல். கிளையின் பெயரைச் சொல்லி `main~1`, `main~2`, `main~4` என்று போனால் இது நேராது. எல்லை கிடைத்ததும் கெட்டதை முதலிலும் நல்லதை அடுத்தும் சொன்னால், மிச்சத்தை கிட்டே பார்த்துக்கொள்ளும்:

```
git bisect start main~64 main~128
```

எண்ணிக்கை தவறியிருந்தால், `main~128`-ஐ நீங்கள் சோதிக்காமலேயே நல்லது என்று சொல்லியிருப்பீர்கள். அது உண்மையில் கெட்டதாக இருந்தால் என்ன ஆகும்? நடுவில் சோதிப்பது எல்லாமே கெட்டதாக வரும். கடைசியில் கிட், `main~127`-தான் குற்றவாளி என்று காட்டும். விடை நல்ல முனையை ஒட்டி வந்து நின்றால் அந்த முனையையே முதலில் மறுபடி சோதியுங்கள். தேடல் பொய்யான எல்லையில் தொடங்கியதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. கிளைகள் இணைந்த வரலாற்றில் இன்னொன்றும் உண்டு. `main~128` என்பது முதல் பெற்றோர் வழியாக மட்டும் எண்ணுவது. இடையில் வந்து சேர்ந்த பக்கக் கிளைகளின் கமிட்டுகளும் தேடலுக்குள் வரும். ஆகவே 64 கமிட்டுக்கு ஆறு சோதனை என்று நாம் போட்ட கணக்கு அங்கே கூடிவிடலாம்.

பில்ட் ஆகாத கமிட்டை என்ன செய்வது? பட்டியலின் முடிவைத் தாண்டினால் `get` முடிவிலியைத் தருகிறது என்றேன். அது பொய்யல்ல, விடை அதற்கு முன்னால்தான் இருக்கிறது. பில்ட் ஆகாத கமிட் அப்படியல்ல. நல்லதா, கெட்டதா என்று அது ஒன்றும் சொல்வதில்லை. அதை நல்லது என்று குறித்துவிட்டால் நாம் வலிந்து ஒரு விடையை உண்டாக்குகிறோம். `main~128` பில்ட் ஆகவில்லை என்றால் அதற்கும் 64-க்கும் நடுவே, 96-க்கு வாருங்கள். அது ஓடி, பிழையில்லாமல் இருந்தால் உங்கள் எல்லை கிடைத்துவிட்டது. பிழையோடு ஓடினால் 112-க்குப் போங்கள். இப்படி நெருங்கி நெருங்கி, ஓடும் கமிட்டுகளில் மிகப் பழையதும் கெட்டது என்று தெரிந்தால், கிடைத்த விடை இதுதான்: பிழை, நம்மால் பில்ட் செய்ய முடிகிற காலத்துக்கு முந்தையது. bisect நடுவில் இப்படி ஒன்று வந்தால் `git bisect skip` என்று சொல்ல வேண்டும். கிட் பக்கத்தில் வேறொன்றை எடுத்துக்கொள்ளும்.

கடைசியாக, இந்த முறை முழுவதும் ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: பட்டியல் ஒருமுறைதான் மாறுகிறது. வரிப் பிழை ஒரு வருடத்துக்கு முன் வந்து, யாரோ திருத்தி, மறுபடி வந்திருந்தால், இரட்டிப்பு இடையில் இருக்கும் நல்ல பகுதியில் தற்செயலாகக் காலை வைக்கலாம், அல்லது அதைத் தாண்டிப் போய்விடலாம். இரண்டிலும் ஏதோ ஒரு மாற்றத்தைக் காட்டும், அது உண்மையான மாற்றமாகவும் இருக்கும். ஆனால் இப்போதைய பிழையைக் கொண்டுவந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஓடும்போதெல்லாம் ஒரே விடை தராத சோதனை இதைவிட மோசம். பத்து முறையில் ஒருமுறை தவறாக ‘நல்லது’ என்று சொல்லும் சோதனையை வைத்துப் பதினான்கு கேள்வி கேட்டால், ஒரு கேள்வியாவது ஏமாற்றியிருக்கும் வாய்ப்பு அதிகம். ஒரு தவறான பதிலுக்குப் பின் வரும் எல்லாக் கேள்விகளும் தவறான பாதியிலேயே நடக்கும். ஆகவே முடிவு கிடைத்ததும் இரண்டு கமிட்டுகளை மட்டும் மீண்டும் பல முறை ஓட்டிப் பாருங்கள். நம் கணக்கில் அவை `main~90`, `main~91`. முன்னது ஒவ்வொரு முறையும் வரியை இரண்டு முறை கூட்ட வேண்டும், பின்னது ஒருமுறைகூட அப்படிக் கூட்டக்கூடாது. அதன் பிறகு 90-இல் என்ன மாறியது என்று திறந்து படிக்கலாம்.